கைநாட்டுக் கணக்கு

பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் சிப்பாய் கந்தப்பன் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் மீசையும் துப்பாக்கியுமாக எல்லையில் நின்ற மனுஷனை நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. அவர் மத்திய அரசின் கலால் இலாகாவில் சிப்பாய். புகையிலைக் கிடங்கின் பூட்டுக்கு இன்ஸ்பெக்டர் அரக்கு முத்திரை வைக்கும்போது பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்றதுதான் அவர் கண்ட போர்க்களம். இருந்தாலும் காக்கி காக்கிதானே. ஊருக்குள் நடந்து வந்தால் நாலு பேர் வழி விடுவார்கள்.

அந்த மனுஷன் வேலையில் இருக்கும்போதே ஒரு விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. மனைவி மருதாத்தாளுக்கு அவர் விட்டுப்போனது இரண்டே இரண்டு. ஒன்று, மாதாமாதம் வரும் குடும்பப் பென்ஷன். இன்னொன்று, கூரை இல்லாத ஒரு வீடு.

வீடு என்று அதைச் சொல்லலாமா என்று கேட்டால் மருதாத்தாளுக்குக் கோபம் வரும். நாலு சுவர் ஆள் உயரத்துக்கு மேலேயே எழுந்து நிற்கிறது, நிலை வைத்தாயிற்று, ஜன்னல் வைத்தாயிற்று, மேலே உத்தரமும் ஓடும்தான் இல்லை. ஓடு போடுவதற்குள் அவருக்கு ஆயுசு போதவில்லை. ஆறு மழை அந்தச் சுவர்மேல் பெய்து தீர்ந்துவிட்டது. இப்போது உள்ளே கடலைக்கொடிப் போரும், மழை இல்லாத நாளில் இரண்டு எருமையும்.

எருமை யாருடையது? கொழுந்தனார் ஈஸ்வரமூர்த்தியுடையது. கந்தப்பனுக்கு நேர் இளையவர். அவர் வீட்டில்தான் மருதாத்தாள் ஆறு வருஷமாக இருந்தாள். ஓரகத்தி ராசம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் பாருங்கள், அடுத்தவள் அடுப்பில் ஒரு கரண்டி குழம்பை எடுத்து ஊற்றிக்கொள்வதற்குக்கூட முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அது சும்மாவா? தனக்கென்று ஓர் அடுப்பு, அதற்கு மேலே ஒரு கூரை. நாற்பத்து மூன்று வயதில் மருதாத்தாள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பென்ஷன் வருகிறதே, ஓடு போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சங்கதி.

அந்த நாளில் பென்ஷனைச் சித்தூர் டிரஷரிக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். மாதம் பிறந்ததும் கொழுந்தனாரும் நங்கையாளும் பஸ் ஏறுவார்கள். அண்ணியை அங்கே நங்கையாள் என்பார்கள். டிரஷரி வராந்தாவில் கால் கடுக்க நின்று, பேர் கூப்பிட்டதும் மருதாத்தாள் பென்ஷன் புத்தகத்தை ஜன்னலுக்குள் நீட்டுவாள். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி அவளிடம், இன்னொரு பாதி டிரஷரியில். இரண்டிலும் ஒரே நம்பர், அவளுடைய போட்டோ, அவளுடைய பெருவிரல் ரேகை. குமாஸ்தா இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு மையைத் தள்ளுவான். அவள் விரலை வைப்பாள். ஈஸ்வரமூர்த்தி சாட்சியாகப் பக்கத்தில் நிற்பார். பணம் ஜன்னல் வழியாக வரும். அவள் கையில் விழுந்த பணம், விரல் மை காய்வதற்குள் கொழுந்தனார் சட்டைப்பைக்குப் போய்விடும்.

யாரும் பிடுங்கவில்லை. அது ஒரு பழக்கமாகிவிட்டது. முதல் மாதம் அழுதுகொண்டே நீட்டினாள், அவர் வாங்கி வைத்தார். இரண்டாம் மாதம் நீட்டாமல் இருந்தால் என்ன நினைப்பாரோ என்று நீட்டினாள். மூன்றாம் மாதம் அவரே கையை நீட்டினார்.

"ஏனுங்க கொழுந்தனாரே, ஓடு வாங்கிப் போட்டரலாமுங்களா?" என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

"போடலாமுங்க நங்கையா. மழை முடியட்டுமுங்க" என்பார். மழை முடிந்தால் கடலை விதைப்பு. விதைப்பு முடிந்தால் கிணற்றில் மோட்டார் ரிப்பேர். "இப்ப என்னுங்க அவசரம்? நம்மூட்ல உங்களுக்கு என்ன குறைச்சல்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? குறைச்சல் என்று சொன்னால் நன்றி கெட்டவள். இல்லை என்று சொன்னால் ஓடு கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு நாள், டிரஷரிச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு ஈஸ்வரமூர்த்தி துள்ளிக்கொண்டு வந்தார். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் இனி டிரஷரியில் வரிசை நிற்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் போதும், பென்ஷன் நேராக அரசுடைமை பேங்கில் அவரவர் கணக்கில் வந்து விழும்.

"மாசாமாசம் ஒரு நாள் காட்டு வேலை கெட்டுப்போகுதுங்க. பேங்குக்கு மாத்திட்டம்னா நிம்மதி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மனுஷனும் ஆறு வருஷமாகத் தன் விவசாய வேலையை விட்டுவிட்டு அவளோடு வெயிலில் நின்றவர்தான். அதை மருதாத்தாள் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

அடுத்த வாரமே சித்தூரில் ஒரு பேங்கில் கணக்குத் தொடங்கினார். அவர் பெயரும் அவள் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு. காட்டிய இடத்தில் அவள் விரலை வைத்தாள். அந்தக் கணக்கு நம்பரையும் பேங்கின் பெயரையும் எழுதி டிரஷரியில் மனுக் கொடுத்தார்கள். அதோடு வேலை முடிந்தது என்றுதான் ஈஸ்வரமூர்த்தி நினைத்தார்.

டிரஷரியிலிருந்த பாதிப் புத்தகம், இன்ன மாதம் வரை பணம் கொடுத்தாயிற்று என்ற குறிப்போடு, பாலக்காட்டில் இருக்கும் அந்த பேங்கின் பெரிய கிளைக்குப் போய், அங்கிருந்து சித்தூர் கிளைக்கு வந்து சேர ஒன்றரை மாதம் பிடித்தது. பிறகு மருதாத்தாள் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. உங்கள் பாதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரில் வரவும்.

போனார்கள். பென்ஷன் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் ஞானஜோதி என்ற ஆபீஸர். நாகர்கோவில் பக்கத்துக்காரி, மாற்றலாகி வந்தவள். முப்பது வயதிருக்கும். மேஜையில் பேரேடு அடுக்கு ஒரு ஆள் உயரம். சிரிக்க நேரமில்லாத முகம்.

இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்பர் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள், மருதாத்தாளைப் பார்த்தாள். புத்தகத்தில் எழுதியிருந்தபடி இடது கன்னத்து மச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கணக்கு நம்பரைப் பார்த்ததும் பேனாவை மூடினாள்.

"இது கூட்டுக் கணக்குல்லா? இதுல போட முடியாது."

"ஏனுங்க? என்ற அண்ணன் சம்சாரமுங்க. ஒரே ஊடுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"ஒரே வீடா இருக்கட்டும், ஒரே இலையில சாப்பிடட்டும். பென்ஷன் யாருக்கோ அவங்க ஒருத்தர் பேர்ல மட்டும்தான் கணக்கு இருக்கணும். சொல்லுதேன் கேளுங்க. இந்தப் புத்தக நம்பரை நான் பேரேட்டுல அந்தக் கணக்குக்கு நேரா எழுதிருவேன். எழுதிட்டா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்ட மாதிரி. மாசம் முடிஞ்சதும் பணம் அந்தக் கணக்குல வரவு ஆயிரும். யாரும் கேட்க வேண்டாம், வரிசையில நிக்க வேண்டாம். ஆனா கட்டுறதுக்கு அவங்க பேர்ல மட்டும் ஒரு கணக்கு வேணும். பாதி இவங்க, பாதி நீங்கன்னு இருந்தா எதைக் கட்டுதது?"

மருதாத்தாளுக்கு அந்தத் தமிழ் கொஞ்சம் புதிதாக இருந்தாலும் விஷயம் பளிச்சென்று விளங்கியது. அவளுக்கு மட்டும் என்று ஒன்று, சர்க்காரே சொல்லுகிறது! சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் தரையைப் பார்த்தாள்.

"போட்டோ ரெண்டு எடுத்துட்டு அடுத்த மாசம் முதல்ல வாங்க. தனிக் கணக்குத் தொடங்கிரலாம்" என்று ஞானஜோதி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு கதவு சாத்தினால் இன்னொரு கதவு எங்கே என்று பார்க்கிறவர். பேங்கில் வேறு யாரிடமோ விசாரித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அன்றைக்குச் சாயங்காலமே தினக்காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து மருதாத்தாள் முன்னால் வைத்தார். மேலே ஒரு பென்சில்.

"நங்கையா, இன்னும் எத்தனை நாளைக்குக் கைநாட்டு? கையெழுத்துப் போடப் பழகிக்கோங்க."

மருதாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளை அப்படி யாரும் கேட்டதே இல்லை. கைநாட்டு என்று ஊரில் திட்டினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். டிரஷரி வராந்தாவில் மை விரலை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்ற ஆறு வருஷம் அவளுக்கல்லவா தெரியும்?

"எனக்கெல்லாம் வருமுங்களா?"

"ஏனுங்க வராது? ஆறே எழுத்து" என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் காட்டினார். ம, ரு, தா, த், தா, ள்.

மூன்று வாரம். எருமைக்குத் தண்ணி காட்டிவிட்டு எழுதினாள். உலை கொதிக்கும் நேரத்தில் எழுதினாள். 'ம' சீக்கிரம் வசப்பட்டது. 'ரு' வளைய மாட்டேன் என்று அடம் பிடித்தது. இரண்டு 'தா'வும் ஒரே அச்சில் வர வேண்டும் என்று அவளே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். 'ள்' மட்டும் கடைசிவரைக்கும் சுழி கூடிப்போய் நின்றது. ராசம்மாள் பார்த்துவிட்டு, "அக்கா கலெக்டரு ஆகப்போறாங்க" என்று கேலி செய்தாள். இருந்தாலும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

ஒரு நாள் மருதாத்தாள் தன் கூரையில்லா வீட்டுக்குள் போய், கடலைக்கொடிப் போருக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் பெயரை எழுதினாள். எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாற்பத்து மூன்று வருஷம் சுமந்த பெயரை அன்றைக்குத்தான் அவள் கண்ணால் பார்த்தாள். கொழுந்தனாரை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள். இவரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாதம் பிறந்தது. பஸ்ஸில் ஜன்னலோரத்தில் மருதாத்தாள், பக்கத்தில் ஈஸ்வரமூர்த்தி. அவள் மடியில் பையும், பைக்குள் பாதிப் புத்தகமும், போட்டோவும், நேற்று ராத்திரி எழுதிப் பார்த்த காலண்டர் தாளும். கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் அவர் நல்ல குஷியில் பேச ஆரம்பித்தார்.

"கணக்குத் தொடங்கினதும் செக் புக் கேட்டுருவமுங்க. கையெழுத்துக்காரங்களுக்குத்தான் செக் புக் குடுப்பாங்களாம். வந்ததும் எல்லாத் தாள்லயும் ஒரேயடியாக் கையெழுத்துப் போட்டு வெச்சிருங்க. அப்புறம் நீங்க இந்த வெயில்ல பஸ் ஏறி அலைய வேண்டியதே இல்லீங்க. வருஷத்துல ஒருக்கா, நவம்பர்ல, உசுரோட இருக்கறேன்னு நேர்ல வந்து காட்டினாப் போதுமாம்."

"அப்பப் பணம் எப்படீங்க வரும்?"

"அதை நான் பாத்துக்கறனுங்க. நீங்க எதுக்கு அதையெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்கறீங்க?"

மருதாத்தாள் சரி என்று தலையை ஆட்டினாள். அப்போதும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எழுத்துக் கற்றுக்கொடுத்த மனுஷன் சொல்கிறார், நல்லதுக்குத்தான் சொல்வார் என்று இருந்தாள்.

பேங்கில் கூட்டம். பெஞ்சியில் உட்காரச் சொன்னார்கள். பணம் கொடுக்கும் கவுண்டர் நேர் எதிரில் இருந்தது. வேறு வேலை இல்லாமல் மருதாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேட்டி கட்டிய ஓர் ஆள் வந்து சின்னத் தாள் ஒன்றை நீட்டினான். உள்ளே இருந்தவன் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பேரேட்டில் கையெழுத்தை ஒத்துப் பார்த்தான். சரியாக இருந்தது போல. பித்தளை டோக்கன் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் பணம் வந்தது. அந்த ஆள் எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டே பெஞ்சிக்கு வந்தான்.

"உங்க பணமுங்களா?" என்று மருதாத்தாள் சும்மா கேட்டு வைத்தாள்.

"என்ற மாமனாருதுங்க. அவரு கட்டில்ல கிடக்கறாரு. செக்குல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, நான் எடுத்துட்டுப் போறன்."

"அவரு வர வேண்டாமுங்களா?"

"எதுக்குங்க? கையெழுத்துத்தான் வந்துருச்சே!"

அவன் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டான். மருதாத்தாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையெழுத்து வந்துவிட்டால் ஆள் வர வேண்டாம். எல்லாத் தாளிலும் ஒரேயடியாகப் போட்டு வைத்துவிட்டால்? மடியில் இருந்த பைக்குள் கை தன்னால் போனது. காலண்டர் தாள் விரலில் பட்டது. ம, ரு, தா. மூன்று வாரம் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் செய்தது தன் கூரைக்குத் தானே கொள்ளி வைக்கிற வேலை அல்லவா! அட பாவி மனுஷா, எழுத்துக் கற்றுக்கொடுத்ததுகூட இதுக்குத்தானா என்று உள்ளுக்குள் கேட்டாள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. அந்த மூன்று வாரமும் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாளே.

"மருதாத்தாள்!" ஞானஜோதி கூப்பிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி முந்திக்கொண்டு போய் நின்றார். கணக்குத் தொடங்கும் பாரத்தை ஞானஜோதியே நிரப்பினாள். மருதாத்தாள், க/பெ லேட் கந்தப்பன். ஒருவர் பெயரில் மட்டும். போட்டோவை ஒட்டினாள்.

"பென்ஷன் புத்தகத்துல ரேகை இருக்கு. கணக்கும் ரேகைதானே?"

"இல்லீங்க, இல்லீங்க!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "இப்பக் கையெழுத்துப் போடுவாங்க. நல்லாப் போடுவாங்க. செக் புக்கும் வேணுமுங்க."

"அப்படியா? நல்லது. அப்போ இங்க மாதிரிக் கையெழுத்து மூணு வாங்கிக்கிடுதேன். புத்தகத்துலயும் மாத்திக் குறிச்சிரலாம்" என்று ஞானஜோதி பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

மருதாத்தாள் பேனாவை வாங்கவில்லை.

"ஏனுங்கம்மா, ஒரு சமாசாரம் கேக்கோணும். கையெழுத்துன்னா எப்படி, ரேகைன்னா எப்படீங்க?"

வரிசையில் ஆள் நிற்கிறது. ஞானஜோதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மளமளவென்று சொன்னாள். "கையெழுத்துன்னா செக் புக் தருவோம். செக்குல எழுதி யார்கிட்ட வேணும்னாலும் குடுத்து விடலாம். ரேகைன்னா செக் கிடையாது. ஒவ்வொரு தடவையும் நீங்களே பாஸ் புக்கோட நேர்ல வரணும். போட்டோவைப் பாத்து, ஆளைப் பாத்து, ஆபீஸர் முன்னாடி விரல் வெச்சாத்தான் பணம். உங்களுக்குத்தான் அலைச்சல்."

"நானே வந்தாத்தான் பணமுங்களா?"

"நீங்களே வந்தாத்தான்."

"வேற யாரு வந்தாலும்?"

"யாரு வந்தாலும் குடுக்க மாட்டோம்."

மருதாத்தாள் பேனாவைப் பார்த்தாள். அவள் ஆசை ஆசையாக எழுதிப் பழகிய ஆறு எழுத்தும் கண் முன்னால் வந்து நின்றன. ஒரு தரம், இந்த வெள்ளைத் தாளில், நல்ல பேனாவில், ஒரே ஒரு தரம் எழுதிப் பார்க்க மாட்டோமா என்று கை குறுகுறுத்தது. அந்தக் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எனக்குக் கையெழுத்துத் தெரியாதுங்க" என்றாள்.

"நங்கையா!" ஈஸ்வரமூர்த்திக்குக் குரல் ஏறிவிட்டது. "என்னுங்க இது? நேத்து வரைக்கும் போட்டீங்களே! இவங்க போடுவாங்கம்மா, நான்தான் சொல்லிக் குடுத்தன்!"

"தெரியாதுங்க. கைநாட்டுத்தானுங்க நானு."

ஞானஜோதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கக்கத்துப் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலண்டர் தாளையும் பார்த்தாள். அதில் மருதாத்தாள் மருதாத்தாள் என்று வரிசையாக ஏழெட்டு இடத்தில் எழுதியிருந்தது. கடைசி எழுத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சுழி கூடுதல். ஞானஜோதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஈஸ்வரமூர்த்தியை ஒரு பார்வை பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு மைப் பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளினாள்.

"அவங்களுக்குத் தெரியாதுன்னு அவங்களே சொல்லுதாங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மருதாத்தாள் பெருவிரலை மையில் அழுத்தினாள். பாரத்தில் வைத்தாள். தப்பாக அதிகப் பணம் வரவானால் பேங்க் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்ற சம்மதத் தாளில் வைத்தாள். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற தாளில் வைத்தாள். ஞானஜோதி அந்த ரேகையைப் பென்ஷன் புத்தகத்து ரேகையோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேரேட்டை விரித்து, புதுக் கணக்கு நம்பருக்கு நேராகப் பென்ஷன் புத்தக நம்பரைச் சிவப்பு மையில் எழுதினாள். அவ்வளவுதான், கட்டியாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் ஈஸ்வரமூர்த்தி பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டார். வீட்டில் நாலு நாள் அவர் பேசவில்லை. ராசம்மாள் சாதம் போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். மருதாத்தாளுக்கு அது வலித்தது. அவருக்கு ஒரு கெடுதலும் நினைத்தவள் இல்லை அவள். ஆனாலும் என்ன செய்வது? பால் பாத்திரத்துக்குப் பூனையைக் காவல் வைக்க முடியுமா?

மாதம் முடிந்ததும் தனியாக பஸ் ஏறினாள். கண்டக்டர்கூட, "கொழுந்தனார் வரலீங்களா?" என்று கேட்டான். "அவருக்குக் காட்டு வேலைங்க" என்றாள். பேங்கில் பாஸ் புக்கை நீட்டினாள். விடுபட்ட மாதங்களும் சேர்ந்து வரவாகியிருந்தது. ஆபீஸர் முன்னால் விரலை வைத்தாள். டோக்கன் கொடுத்தார்கள். பணம் வந்தது. மை காயும் வரைக்கும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். சட்டைப்பை எதுவும் வந்து பக்கத்தில் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பங்கை எடுத்து ராசம்மாள் கையில் கொடுத்தாள். "சாப்பாட்டுக்குங்க. இனி மாசாமாசம் தருவன். மீதி ஓடு வாங்கறதுக்கு." ராசம்மாள் வாங்குவதா வேண்டாமா என்று கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் கிணற்றுப் பக்கம் போய்விட்டார். அவள் வாங்கிக்கொண்டாள்.

பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தாள். இடையில் ஒரு நவம்பர் வந்தது. உயிரோடிருக்கும் சான்றுக்கு நேரில் போய் நின்றாள். ஞானஜோதி பாரத்தை நிரப்பிக்கொண்டே, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"உசுரோட இருக்கறனுங்க" என்றாள் மருதாத்தாள். சிரிக்க நேரமில்லாத அந்த ஆபீஸர் அன்றைக்குச் சிரித்துவிட்டாள்.

அடுத்த கோடைக்கு, மழைக்கு முன்னால், உத்தரம் ஏறியது. அதற்கு மறுநாள் ஓட்டுக் கம்பெனியிலிருந்து லாரி வந்தது. கடலைக்கொடிப் போரை ஈஸ்வரமூர்த்தியே ஆள் வைத்து அள்ளிப் போட்டிருந்தார். எருமையை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டியிருந்தார். ஓடு இறக்கும்போது அவரே வந்து கை கொடுத்தார். என்ன இருந்தாலும் அண்ணன் கட்டின வீடு அல்லவா?

எல்லாம் இறக்கி முடிந்ததும் லாரிக்காரன் ரசீதுத் தாளை நீட்டினான். சரக்கு வந்து சேர்ந்தது என்று வாங்கினவர் ஒப்பமிட வேண்டும். மருதாத்தாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மைப் பெட்டியை எடுத்தான்.

"இந்தாங்க, இப்படி ஒரு கைநாட்டு வைங்க."

"பேனா இருக்குதுங்களா?" என்றாள் மருதாத்தாள்.

லாரிக்காரன் பேனாவைக் கொடுத்தான். அவள் ஓட்டடுக்கின்மேல் தாளை வைத்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். இரண்டு 'தா'வும் ஒரே அச்சு. 'ள்' மட்டும் வழக்கம்போல ஒரு சுழி கூடியிருந்தது.

ஈஸ்வரமூர்த்தி கையில் ஓட்டுத் தூசியோடு பக்கத்தில் நின்று பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு பேங்குல தெரியாதுன்னீங்களே நங்கையா?"

"அங்க தெரியாதுங்க கொழுந்தனாரே" என்றாள் மருதாத்தாள். "இங்க தெரியுமுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே."

அவர் குனிந்து ஓட்டடுக்கை நேராக்கி வைக்க ஆரம்பித்தார். மருதாத்தாள் பேனாவை மூடி லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டு, அடுப்புக்கு மூன்று கல் பொறுக்கப் போனாள்.